டிவியில் ‘இடம் போதவில்லை’ என்று வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் வாங்கிய 32 இஞ்சு ஸ்மார்ட் டிவி உள்ள வீடுகளில் ஒரே புகாரைத்தான் அடிக்கடி கேட்கிறேன். வாங்கி இரண்டு மூன்று வருடம் நன்றாக ஓடியது, இப்போது புது ஆப் எதுவும் ஏறவில்லை, இருப்பதை அழித்தாலும் இடம் வரவில்லை என்பார்கள். ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி இயங்கும், 8 ஜிபி சேமிப்பிடம் கொண்ட டிவிகளுக்காக இதை எழுதுகிறேன். மற்ற வகை டிவிகளில் மெனுவும் விதிகளும் வேறு என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

எதையும் அழிப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு டிவியில் Settings, அதற்குள் Device Preferences, அதற்குள் Storage. கூகுள் டிவி முகப்பு இருந்தால் Settings, System, Storage. அங்கே Internal shared storage என்று வருவதை அழுத்தினால் மொத்தம் எவ்வளவு, ஆப்கள் எவ்வளவு பிடித்திருக்கின்றன, மிச்சம் எவ்வளவு என்று காட்டும். அந்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இதே பக்கத்துக்குத் திரும்பி வந்து, எண் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியில் 8 ஜிபி என்று போட்டிருக்கும், இந்தப் பக்கத்திலோ மொத்தம் நாலரை, ஐந்து ஜிபி என்றுதான் வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மீதி இடத்தில் இயங்குதளம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதி பூட்டப்பட்டது, டிவி அதைப் படிக்கும், நாம் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. நமக்கென்று இருப்பது இந்த நாலரை ஜிபி அறை மட்டும்தான். கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

மிச்சம் 190 எம்பி காட்டுகிறது, ஆனால் 90 எம்பி ஆப் ஏறவில்லை

கருங்கல்லில் இருக்கும் என் அத்தை வீட்டில் நடந்தது இது. பிராட்பேண்டு திட்டத்தோடு இலவசமாகக் கிடைத்த ஒரு சீரியல் ஆப்பை ஏற்றப் பார்த்தார். இடம் போதவில்லை என்று வந்துவிட்டது. “மக்ளே, நாலு ஆப்பு தான் கெடக்கு. பின்ன எப்பிடி நெறஞ்சுது?” என்று போன் செய்தார்.

போய்ப் பார்த்தபோது Storage பக்கத்தில் மொத்தம் 4.6 ஜிபி. ஆப்கள் 4.04 ஜிபி, Downloads 280 எம்பி, Cached data 90 எம்பி, மிச்சம் 190 எம்பி. ஏற்ற நினைத்த ஆப்பின் அளவு 90 எம்பிதான். கணக்குப்படி இடம் இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆண்ட்ராய்டு தன் அவசரத் தேவைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும். பொதுவாக அது மொத்த இடத்தில் 5 சதவீதம், அதிகபட்சம் 500 எம்பி. அத்தையின் டிவியில் 4.6 ஜிபிக்கு 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 230 எம்பி. மிச்சம் இருந்ததோ 190. அதாவது கையிருப்பே ஏற்கெனவே ஒதுக்கீட்டுக்குக் கீழே போய்விட்டது. திரையில் தெரிந்த 190 எம்பி நமக்குக் கிடைக்கிற இடமே இல்லை.

இரண்டாவது, ஒரு ஆப் ஏறும்போது அதன் அளவைவிடக் கூடுதலாக இடம் பிடிக்கும். இறக்கிய கோப்பு ஒருபக்கம் இருக்கும், அதை விரித்துத் தயார் செய்து வைப்பதற்கு வேறு இடம் வேண்டும், ஆப்பை முதலில் திறந்ததும் அது தன் சொந்தத் தரவை எழுதத் தொடங்கும். ஏற்கெனவே உள்ள ஆப்பைப் புதுப்பிக்கும்போது நிலைமை இன்னும் இறுக்கமாகும். புதியது முழுமையாக வந்து சேரும் வரை பழையதும் அழியாமல் இருக்கும். ஆப்பின் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு காலியாக இருந்தால்தான் நிம்மதி என்பது என் அனுபவம். நான் எப்போதும் 700, 800 எம்பியைக் காலியாக விட்டு வைக்கச் சொல்வேன்.

அத்தை டிவியில் இடத்தை மீட்ட விதத்தை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எதிலிருந்து தொடங்குகிறோம் என்பது முக்கியம்.

முதலில் Downloads. ஆப்களின் apk கோப்புகள் இரண்டு அங்கே கிடந்தன. அத்தையின் மகன் விடுமுறைக்கு வந்தபோது பென் டிரைவில் கொண்டுவந்து, டிவிக்குள் நகலெடுத்து ஏற்றியிருக்கிறான். ஏற்றியபின் கோப்பு தானாக அழியாது, ஆப் ஒரு இடம், அதன் கோப்பு இன்னொரு இடம் என்று இரட்டிப்பாகக் கிடக்கும். ஃபைல் மேனேஜர் ஆப் மூலம் இரண்டையும் அழித்ததும் 280 எம்பி வந்தது. யாருக்கும் எந்த நட்டமும் இல்லாத இடம் இதுதான், அதனால்தான் இதை முதலில் பார்க்கிறேன்.

அடுத்து Settings, Apps, See all apps. ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பாருங்கள், அங்கே ஆப்பின் அளவு வேறு, அதன் தரவு வேறு, அது தற்காலிகமாகச் சேர்த்துவைக்கிற கேஷ் வேறு என்று மூன்று எண்கள் வரும். பலர் ஆப்பின் அளவை மட்டும் பார்ப்பார்கள். அத்தை தினமும் பார்க்கிற ஒரு மலையாள சீரியல் ஆப், அளவில் 110 எம்பிதான், ஆனால் தரவு 540 எம்பி. படத்துக்குப் படம் வருகிற முகப்புப் படங்கள், விளம்பரத் துண்டுகள், பாதியில் விட்ட பார்வைக் குறிப்புகள் எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டே போகும். Clear cache அழுத்தினால் கேஷ் மட்டும் போகும், மறுபடியும் கொஞ்ச நாளில் நிரம்பும். Clear data அழுத்தினால் எல்லாம் போகும், ஆப் புதிதாக ஏற்றியது போல ஆகிவிடும். திரும்ப உள்நுழைய வேண்டும், போனுக்கு வரும் குறியீட்டைத் தட்ட வேண்டும். அதனால் Clear data அழுத்தும் முன், எந்த எண்ணில் கணக்கு இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். அந்த எண் குவைத்தில் இருக்கும் மருமகனின் எண்ணாக இருந்தால், அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். அத்தை திரும்ப உள்நுழைந்தபின் தரவு 40 எம்பி ஆனது. அங்கே 500 எம்பி லாபம்.

பிறகு, பேரன் வந்தபோது ஏற்றிய ஒரு விளையாட்டு. மொத்தம் 420 எம்பி, ஏழு மாதமாக யாரும் தொடவில்லை. Uninstall.

எல்லாம் சேர்த்து, கேஷ் 90 எம்பியும் கீழே சொல்லப்போகிற இன்னொரு 130 எம்பியும் கூட்டினால், மிச்சம் 190 எம்பியிலிருந்து ஏறக்குறைய 1.6 ஜிபி ஆனது. புது சீரியல் ஆப் ஒரே முயற்சியில் ஏறியது.

அழிக்கப் போனால் Uninstall பொத்தானே இல்லை

டிவியோடு வந்த ஆப்கள் இவை. இவற்றின் மூலப் பிரதி அந்தப் பூட்டிய பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து அவற்றை நீக்க முடியாது, நீக்கினாலும் நம் நாலரை ஜிபி அறை ஒரு எம்பிகூடப் பெரிதாகாது. ஏனெனில் அவை நம் இடத்தில் இருக்கவில்லை.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மூலப் பிரதி பூட்டிய அறையில் இருந்தாலும், அதற்கு வருகிற புதுப்பிப்புகள் நம் அறையில்தான் வந்து விழும். ஒரு ஆப் மூன்று வருடமாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தால், நாம் ஒருமுறைகூடத் திறக்காத ஆப்பாக இருந்தாலும், நூறு எம்பிக்கு மேல் பிடித்திருக்கும். அந்த ஆப்பின் பக்கத்தில் Uninstall updates என்று இருக்கும். அதை அழுத்தினால் புதுப்பிப்பு போய், கடையில் வாங்கிய நாளில் இருந்த பதிப்புக்குத் திரும்பும், இடம் நமக்கு வரும்.

அதோடு நிறுத்தினால் வேலை பாதிதான். பிளே ஸ்டோர் தானாகப் புதுப்பிக்கும் நிலையில் இருந்தால், சில நாட்களில் அதே புதுப்பிப்பை மறுபடியும் இறக்கிவிடும். ஆகவே Uninstall updates அழுத்தியபின் உடனே Disable அழுத்த வேண்டும். முடக்கிய ஆப் புதுப்பிக்கப்படாது, முகப்பிலும் தெரியாது. அத்தை வீட்டில் யாரும் கேட்காத ஒரு பாட்டு ஆப்பில் இப்படிச் செய்துதான் அந்த 130 எம்பி வந்தது.

எதை முடக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் கவனம் வேண்டும். படம், பாட்டு, செய்தி, கடை என்று பெயரைப் பார்த்தாலே விளங்குகிற ஆப்களை முடக்கலாம். Google Play services, Android System WebView, முகப்புத் திரையைக் காட்டுகிற லாஞ்சர், ரிமோட் சம்பந்தமான பெயர்கள் ஆகியவற்றைத் தொட வேண்டாம். Google Play services போனால் ஸ்டோரே திறக்காமல் போகும், மற்ற ஆப்களும் ஒவ்வொன்றாகப் பிரச்சினை பண்ணும்.

கணினியில் கை பழகியவர்கள், கணினியிலிருந்து டிவிக்குக் கட்டளை அனுப்புகிற adb என்ற கருவியை வைத்து மூல ஆப்பையே நீக்கலாம் என்பார்கள். `pm uninstall --user 0` என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் அது நம் கண்ணிலிருந்து மறையுமே தவிர, பூட்டிய பகுதியில் அப்படியே இருக்கும். வேண்டுமானால் உண்மையான இடத்தை இப்படிப் பார்க்கலாம்; முதலில் டெவலப்பர் பகுதியில் பிழைதிருத்த வசதியைத் திறந்து, டிவியின் ஐபி எண்ணை இதில் மாற்றிப் போட வேண்டும்:

```
adb connect 192.168.1.7:5555
adb shell df -h /data
```

வரும் அட்டவணையில் Avail என்ற பத்திதான் நமக்குக் கிடைக்கிற இடம். ஆப் மறைந்தும் அந்த எண் மாறவில்லை என்றால், நீங்கள் நீக்கியது நம் அறையில் இல்லாத பொருள் என்று அர்த்தம். ஆப்பைத் தவறாக நீக்கி டிவியே தொடங்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தக் கட்டளையை இடத்துக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இடம் இருக்கிறது, ஆனால் ஆப் pending என்றே நிற்கிறது

இதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வரிசை. பிளே ஸ்டோர் பின்னணியில் வேறு ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால், நீங்கள் கேட்டது அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கும். ஸ்டோரில் உங்கள் கணக்குப் படத்தை அழுத்தி Manage apps & games பக்கத்தில் பார்த்தால் எது ஓடுகிறது என்று தெரியும், அதை நிறுத்திவிட்டு உங்களுக்கு வேண்டியதை முதலில் விடலாம்.

இரண்டாவது கடிகாரம். நம் மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டுமுறை வருகிறது, இடி மின்னல் வந்தால் கரண்டும் போகும். கரண்டு திரும்பி வரும்போது டிவி முதலில் எழுந்துவிடும், வைஃபை ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நேரத்தைக் காக்கிற பேட்டரி பல டிவிகளில் கிடையாது. அதனால் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். தேதி தவறானால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று நினைத்து ஸ்டோர் இணைப்பைத் தடுத்துவிடும். வந்து நிற்பது pending, அல்லது ஏதோ ஒரு பிழை எண். Settings, Device Preferences, Date & time போய், Automatic date & time என்பதில் இணையம் தருகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு தேதி சரியாகிறதா என்று பாருங்கள். சரியானபின் டிவியை ஒருமுறை நன்றாக மறுதொடக்கம் செய்யுங்கள்: சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது தூங்க வைப்பதுதான்.

அப்புறமும் நகரவில்லையானால் Settings, Apps இல் Google Play Store ஐத் திறந்து Clear cache செய்யுங்கள். பெரும்பாலும் இத்தோடு ஓடிவிடும்.

பென் டிரைவ் போட்டேன், இடம் ஏறவில்லை

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. 32 ஜிபி பென் டிரைவைச் சொருகினாலே டிவி அதை ஆப் வைக்கிற இடமாக எடுத்துக்கொள்ளாது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க மட்டுமே பயன்படும். ஆப் ஏற வேண்டுமென்றால் அதை டிவியின் சொந்த இடமாக மாற்ற வேண்டும்.

Storage பக்கத்தில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே Erase & format as device storage என்று வந்தால் உங்கள் டிவி இதை ஆதரிக்கிறது. Erase & format as removable storage என்று மட்டும் வந்தால், தயாரிப்பாளர் அந்த வசதியை வைக்கவில்லை, அதற்கு வேறு வழி தேடி அலைய வேண்டாம். இந்த வசதி ஆண்ட்ராய்டு 6.0 முதல், அதாவது 2015 முதல் இருக்கிறது, ஆனால் எல்லா டிவியிலும் திறந்துவைக்கப்படவில்லை.

முதல் வகை இருந்தால் சில விஷயங்களைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். மாற்றும்போது பென் டிரைவில் உள்ள எல்லாமே அழியும், கல்யாண வீடியோ இருந்தால் முதலில் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். டிவி அதைக் குறியாக்கம் செய்து தன்னோடு மட்டும் பூட்டிக்கொள்ளும். சாவி டிவிக்குள்ளே இருக்கும். ஆகவே அதைப் பிடுங்கிக் கணினியில் போட்டால் ஒன்றும் படிக்காது. டிவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினாலும் உள்ளே இருப்பது போய்விடும். நடுவில் பிடுங்கினால் அதில் இருந்த ஆப்கள் திரும்பச் சொருகும் வரை காணாமல் போகும். கரண்டு போவது பென் டிரைவ்களுக்கு நல்லதல்ல, மலிவான டிரைவ் இரவும் பகலும் எழுதப்படுவதால் சீக்கிரம் கெடும். டிவியே பல நேரம் இது மெதுவானது என்று எச்சரிக்கும். அப்படி எச்சரித்தால் அந்த டிரைவை விட்டுவிடுங்கள், ஆப் திறக்கவே நேரமாகும்.

இன்னொன்று, எல்லா ஆப்பும் பென் டிரைவுக்கு நகராது. ஆப்பைச் செய்தவர் உள்சேமிப்பில்தான் இருக்க வேண்டும் என்று குறித்திருந்தால் நகர்த்தும் வசதியே காட்டாது, அப்படிப்பட்டவை பல. டிவியோடு வந்தவையும் நகரா. அதனால் பெரிய விளையாட்டு, எப்போதாவது திறக்கிற ஆப் ஆகியவற்றைப் பென் டிரைவுக்கு அனுப்பி, தினமும் பார்ப்பவற்றை உள்ளேயே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நல்ல நிறுவனத்தின் 32 ஜிபி டிரைவ் போதும், அதற்கு மேல் வாங்குவது வீண்.

ஸ்டோரில் அந்த ஆப்பே வரவில்லை

இது இடப் பிரச்சினை இல்லை. டிவிக்கென்று தயாரிக்காத ஆப்பை டிவி ஸ்டோர் காட்டாது. போனில் அதே கணக்கில் ஸ்டோரைத் திறந்து, அந்த ஆப்பின் பக்கத்தில் டிவியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போனிலிருந்தே டிவிக்கு ஏற்றலாம், வராவிட்டால் டிவிக்கு இல்லை. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய apk கோப்பை ஏற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். டிவியிலும் உங்கள் கூகுள் கணக்கு இருக்கிறது.

சுத்தம் செய்து இரண்டு வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது

கேஷ் நிரம்பியதா, தரவா, புதுப்பிப்பா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. முதலில் குறித்த தாளை எடுங்கள், இரண்டு வாரத்துக்கு முந்தைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஆப் எண் ஏறியிருந்தால் பின்னணியில் புதுப்பிப்பு நடந்திருக்கலாம். See all apps இல் எந்த ஆப்பின் அளவு கூடியது என்று பார்த்து, தேவையில்லாததை முன்பு சொன்ன முறையில் முடக்குங்கள். ஒரே ஆப்பின் தரவு திரும்பத் திரும்பப் பெரிதானால் அந்த ஆப்பில் இறக்கிவைத்த படங்கள் இருக்கின்றனவா என்று அதற்குள்ளேயே பாருங்கள்.

பிளே ஸ்டோரின் Settings இல் Auto-update apps என்பதை நிறுத்தலாம். நான் நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை கையால் புதுப்பிப்பேன். முழுவதும் நிறுத்திவிட்டு மறந்துபோனால், படம் பார்க்கிற ஆப்கள் ஒருநாள் பழைய பதிப்பில் ஓட மாட்டேன் என்று சொல்லிவிடும், அன்றைக்குத்தான் இடம் இருக்காது.

‘மெமரி க்ளீனர்’ ஆப்களை ஏற்ற வேண்டாம். அவை பெரும்பாலும் ரேம் எனும் வேலை நினைவைத்தான் பார்க்கின்றன, சேமிப்பிடம் வேறு. கடையில் “1 ஜிபி, 8 ஜிபி” என்று சொல்வதில் முதல் எண் ரேம், இரண்டாவதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது. ரேம் குறைவென்றால் டிவி மெதுவாகும், ஆப் ஏறாமல் போவது அதனால் அல்ல.

எல்லாம் செய்தும் மிச்சம் 300 எம்பிக்கு மேல் போகவில்லை, டிவி முகப்பும் தானாக மூடித் திறக்கிறது என்றால்தான் Factory reset. அதற்கு முன் வைஃபை கடவுச்சொல், கூகுள் கணக்கு, ஒவ்வொரு ஆப்பின் கணக்கும் கையில் இருக்கட்டும். திருப்பியபின் முதல் வேலையாக, ஆப்களை ஏற்றும் முன்னாலேயே தேவையில்லாத கூடவந்த ஆப்களை முடக்குங்கள். பிளே ஸ்டோர் அவற்றையெல்லாம் புதுப்பிக்க ஆரம்பித்தபின் முடக்கினால் புதுப்பிப்பை மறுபடி நீக்குகிற வேலையும் சேர்ந்துவிடும். அத்தை வீட்டில் அந்த நிலைமைக்குப் போகவில்லை. இப்போது அங்கே மிச்சம் 1.4 ஜிபி, தாள் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.